2,700 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு லட்சம்

ஜீரோ கூப்பன் பத்திரம் என்பது இடையில் வட்டியே தராத கடன் பத்திரம். கடன் வாங்கும் அரசோ நிறுவனமோ, குறித்த நாளில் குறித்த தொகையைத் தருவதாக எழுதிக் கொடுக்கிறது. அந்தத் தொகைதான் பத்திரத்தின் முகமதிப்பு. அந்த நாள் வரும்வரை பத்திரத்தை வைத்திருப்பவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. மற்றக் கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ வரும் வட்டித் தவணையைக் கூப்பன் என்பார்கள். இந்தப் பத்திரத்தில் அது இல்லை. அதற்காக யாரும் சும்மா கடன் கொடுத்துவிடுவதில்லை. பத்திரம் முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. வாங்கிய விலைக்கும் கடைசியில் வரும் முகமதிப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசமே கடன் கொடுத்தவரின் வருமானம்.

அந்த வித்தியாசம் சில நேரம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். 1992இல் ஐடிபிஐ எனப்படும் இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி, பொதுமக்களுக்கு ஒரு பத்திரத்தை விற்றது. விலை 2,700 ரூபாய். 25 ஆண்டு கழித்துக் கிடைக்கும் முகமதிப்பு ஒரு லட்சம் ரூபாய். இதை ஆங்கிலப் பெயரால் ‘டீப் டிஸ்கவுண்ட் பாண்ட்’ என்றே எல்லோரும் அழைத்தார்கள். அன்று மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் பலவும், குழந்தையின் படிப்புக்கும் திருமணத்துக்கும் ஆகும் என்று இத்தகைய பத்திரங்களை வாங்கி வைத்தன. நூற்றுக்கு வெறும் 2 ரூபாய் 70 காசு விலை என்றால் மீதி 97 ரூபாய் 30 காசும் தள்ளுபடி. துணிக்கடையின் ஆடித் தள்ளுபடியோடு ஒப்பிட்டால் இது தானம்போலத் தோன்றும். ஆனால் துணிக்கடையில் கொடுக்கப்படுவது விலைக்குறைப்பு. இங்கே கொடுக்கப்படுவது 25 ஆண்டு வட்டி. அதைக் கடன் வாங்கியவர் முன்கூட்டியே கணக்கிட்டு, விலையிலிருந்து கழித்துவிட்டார், அவ்வளவுதான்.

கழித்தலின் கணக்கு

இந்தக் கழித்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் ஆண்டுப் பத்திரமே போதும். ஊரில் ஓர் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி கிடைக்கிறது என்றால், இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 110 ரூபாய் ஆகும். அப்படியானால் அடுத்த ஆண்டு 110 ரூபாய் தருவதாகச் சொல்லும் சீட்டுக்கு இன்று 100 ரூபாய்க்கு மேல் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அடுத்த ஆண்டு 100 ரூபாய் தரும் சீட்டுக்கு இன்று 90 ரூபாய் 91 காசுதான் விலை. அந்த 90.91ஐ 10 சதவீதத்துக்கு விட்டால் ஓர் ஆண்டில் சரியாக 100 ஆகிறது.

இரண்டு ஆண்டு என்றால் இதே வகுத்தலை இரண்டு முறை செய்ய வேண்டும்: 100ஐ 1.10ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 1.10ஆல் வகுத்தால் 82 ரூபாய் 64 காசு. 25 ஆண்டு என்றால் 25 முறை. சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

விலை = முகமதிப்பு ÷ (1 + வட்டி விகிதம்)^ஆண்டுகள்

ஐடிபிஐ பத்திரத்தை இதில் பொருத்தினால், 2,700 ரூபாய் 25 ஆண்டில் ஒரு லட்சம் ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்குச் சுமார் 15.54 சதவீதக் கூட்டு வட்டி வேண்டும் என்று தெரிகிறது. 1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தாண்டி நாடு அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பணவீக்கம் இரட்டை இலக்கத்தில் இருந்தது, வட்டி விகிதங்களும் உயர்ந்தே இருந்தன. அந்தச் சூழலில் 15 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வட்டி நல்ல வட்டிதான், ஆனால் அதிசயமில்லை. 2,700க்கு ஒரு லட்சம் என்று சொன்னால் வரும் மலைப்பு, 15.54 சதவீத வட்டி என்று சொன்னால் வருவதில்லை. இரண்டும் ஒரே செய்தி.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. லாபம் 97,300 ரூபாய். அதை 25ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3,892 ரூபாய். 2,700 ரூபாய் முதலுக்கு ஆண்டுதோறும் 3,892 ரூபாய் என்றால் 144 சதவீத வட்டி அல்லவா என்று கேட்கத் தோன்றும். சில முகவர்கள் இதைச் சொல்லியே பத்திரம் விற்பதுண்டு. கணக்கு பிசகுவது எங்கே என்றால், லாபம் ஆண்டுதோறும் சமமாக வருவதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் ஆண்டு முடிவில் பத்திரம் 2,700இலிருந்து 3,120 ரூபாய்க்குத்தான் வளர்ந்திருக்கும், அதாவது 420 ரூபாய் கூடியிருக்கும். அந்த 420ம் முதலோடு சேர்ந்து அடுத்த ஆண்டு வட்டி ஈட்டும். வட்டிக்கு வட்டி, அதற்கும் வட்டி என்று போகும். 10 ஆண்டு முடிவில் மதிப்பு ஏறத்தாழ 11,450 ரூபாய். 20 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 48,560 ரூபாய். அதாவது ஒரு லட்சத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகை கடைசி ஐந்தே ஆண்டுகளில் சேர்கிறது. கடைசி ஓர் ஆண்டில் மட்டும் கூடுவது 13,450 ரூபாய். முதலில் போட்ட பணத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இந்த வளைவை மனத்தில் வைத்துக்கொள்வது முக்கியம். பத்திரம் பாதி வழி வந்துவிட்டது என்பதால் பாதிப் பணம் சேர்ந்துவிடாது. நடுவில் எழுந்து போகிறவர் இழப்பது, இனிமேல்தான் வரவிருந்த பெரும் பகுதியை.

தள்ளுபடியை ஆழமாக்குவது எது

ஒரே ஒரு லட்சத்தை வெவ்வேறு காலத்திலும் வட்டியிலும் வைத்துப் பார்த்தால் தள்ளுபடி எதனால் ஆழமாகிறது என்பது புலப்படும். 15.54 சதவீத வட்டியில், ஓர் ஆண்டில் வரவிருக்கும் ஒரு லட்சத்தின் இன்றைய விலை 86,550 ரூபாய். ஐந்து ஆண்டில் வரும் என்றால் 48,560. பத்து ஆண்டில் என்றால் 23,580. இருபத்தைந்து ஆண்டில் என்றால் 2,700. காலம் நீள நீள விலை வெகுவேகமாகக் கீழே போகிறது. வட்டி விகிதமும் அப்படியே வேலை செய்கிறது. அதே 25 ஆண்டுப் பத்திரத்தை 10 சதவீத வட்டிக் காலத்தில் விற்றிருந்தால் விலை சுமார் 9,230 ரூபாய். 7 சதவீதக் காலத்தில் சுமார் 18,425 ரூபாய். ஆகவே ஆழ்ந்த தள்ளுபடியைப் பார்த்து அந்தப் பத்திரம் மலிவு என்றோ, நிறுவனம் தாராளமானது என்றோ முடிவு செய்வதற்கில்லை. நீண்ட காலமும் உயர்ந்த வட்டியும் சேர்ந்தால் ஆழ்ந்த தள்ளுபடி தானாகவே வரும்.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. அரசு தரும் வாக்குக்கும், கடன் சுமையில் தடுமாறும் நிறுவனம் தரும் வாக்குக்கும் சந்தை ஒரே விலை போடாது. பணம் திரும்பி வராமல் போகக்கூடும் என்ற அச்சத்துக்கு ஈடாகக் கூடுதல் வட்டி கேட்கப்படுகிறது. கூடுதல் வட்டி என்றால் இன்னும் குறைந்த விலை. ஒரே காலத்துக்கு, ஒரே முகமதிப்புக்கு, ஒரு பத்திரம் மற்றதைவிடக் கணிசமாக மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்த மலிவு பெரும்பாலும் எச்சரிக்கையே.

தள்ளுபடியே இல்லாமல் ஜீரோ கூப்பன் பத்திரத்தை விற்றால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்கு மூலதனம் கொடுக்க விரும்பிய ஒன்றிய அரசு, 2020 டிசம்பரில் பஞ்சாப் அண்ட் சிந்து வங்கிக்கு 5,500 கோடி ரூபாய் மதிப்புள்ள வட்டியில்லாச் சிறப்புப் பத்திரங்களை வழங்கியது. அடுத்து 2021 மார்ச்சில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட நான்கு வங்கிகளுக்கு மொத்தம் 14,500 கோடி ரூபாய்க்கு அதே வகைப் பத்திரங்கள் தரப்பட்டன. வங்கி தன் பங்குகளை அரசுக்குக் கொடுக்கும். அரசு பத்திரங்களை வங்கிக்குக் கொடுக்கும். ஏட்டில் வங்கியின் மூலதனம் உயர்ந்துவிடும். ஆனால் பத்திரங்கள் முகமதிப்பிலேயே வழங்கப்பட்டன. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றே 100 ரூபாய் என்று கணக்கு வைக்கப்பட்டது.

ஆண்டுக்கு 6.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டில் வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 53 ரூபாய், 15 ஆண்டில் வரும் 100 ரூபாயின் மதிப்பு சுமார் 39 ரூபாய். அப்படியென்றால் வங்கிக்குக் கிடைத்த உண்மையான மூலதனம் ஏட்டில் உள்ளதில் பாதியளவுதான். ரிசர்வ் வங்கி இதைச் சரியாகவே சுட்டிக்காட்டியது. முகமதிப்பை அப்படியே மூலதனமாகக் காட்டாமல், அந்தப் பத்திரங்களின் நியாய மதிப்பைக் கணக்கிட்டு வித்தியாசத்தை மூலதனத்திலிருந்து கழிக்க வேண்டும் என்றது. தள்ளுபடியை விலையில் கொடுக்காவிட்டால் அது மறைந்துபோவதில்லை. யாருடைய ஏட்டிலாவது நட்டமாக உட்கார்ந்திருக்கும்.

குறுகிய காலப் பத்திரங்களில் இதே தத்துவம் அமைதியாக வேலை செய்வதைக் காணலாம். இந்திய அரசின் கருவூல உண்டியல்கள், அதாவது டிரஷரி பில்கள், 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று காலங்களுக்கு விற்கப்படுகின்றன. இவற்றுக்கும் வட்டி கிடையாது. 100 ரூபாய் உண்டியல் 100க்குக் குறைந்த விலையில் ஏலம் போகும். 91 நாள் உண்டியல் ஒன்று 98 ரூபாய் 40 காசுக்குப் போனால், 98.40 ரூபாய் முதலுக்கு 91 நாளில் 1.60 ரூபாய் கிடைக்கிறது. அதை 365 நாளுக்கு மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6.52 சதவீதம். இங்கே தள்ளுபடி நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. ஐடிபிஐ பத்திரத்தில் 97 ரூபாய். இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் காலம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘ரீட்டெயில் டைரக்ட்’ திட்டத்தின் வழியாகத் தனிநபர்களும் இந்த உண்டியல்களை நேரடியாக வாங்கலாம்.

வட்டி தரும் சாதாரண அரசுப் பத்திரத்துக்குள்ளேயும் ஜீரோ கூப்பன் பத்திரங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குப் பழக்கமான பார்வை. ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் 7 ரூபாய் வட்டியும், கடைசியில் 100 ரூபாயும் தரும் பத்திரத்தை ஆறு சீட்டுகளாகப் பிரிக்கலாம்: 7 ரூபாய்ச் சீட்டு ஐந்து, 100 ரூபாய்ச் சீட்டு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு தொகை தருவது. ஆகவே ஒவ்வொன்றும் ஜீரோ கூப்பன் பத்திரம். அமெரிக்காவில் 1982இல் மெரில் லிஞ்ச் போன்ற நிறுவனங்கள் அரசுப் பத்திரங்களை இப்படிப் பிரித்து, தனித்தனியே விற்கத் தொடங்கின. 1985இல் அமெரிக்கக் கருவூலமே ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற பெயரில் இதற்கு முறையான வழி செய்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அதே பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு தொகை தர வேண்டிய கடமை உள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஓய்வூதிய நிதிக்கோ, அந்த ஆண்டில் முதிரும் சீட்டு கச்சிதமாகப் பொருந்தும்.

விலையின் ஏற்ற இறக்கம்

முதிர்வு நாள்வரை வைத்திருப்பவருக்கு நடுவில் விலை என்ன ஆனாலும் கவலையில்லை. இடையில் விற்க நேர்பவருக்கு அது பெரிய கவலை. வட்டி விகிதம் மாறினால் எல்லாக் கடன் பத்திரங்களின் விலையும் மாறும். ஒரே கால அளவுள்ள பத்திரங்களில் மிக அதிகமாக ஆடுவது ஜீரோ கூப்பன் பத்திரம்தான்.

25 ஆண்டில் ஒரு லட்சம் தரும் பத்திரத்தை ஒருவர் சந்தை வட்டி 7 சதவீதமாக இருக்கும்போது 18,425 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொள்ளலாம். மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதத்துக்கு ஏறினால் பத்திரத்தின் விலை 14,600 ரூபாய். ஒரே ஒரு சதவீத மாற்றத்துக்கு முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. மாறாக 6 சதவீதத்துக்கு இறங்கினால் விலை 23,300. அதாவது 26 சதவீதத்துக்கு மேல் உயர்வு. அதே 25 ஆண்டுக்கு ஆண்டுதோறும் 7 சதவீத வட்டி தரும் சாதாரணப் பத்திரமாக இருந்தால், வட்டி 8 சதவீதத்துக்கு ஏறும்போது விலை 11 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும்.

காரணம் எளிது. சாதாரணப் பத்திரத்தில் பணத்தின் ஒரு பகுதி ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. அருகில் வரும் பணம் வட்டி மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. ஜீரோ கூப்பனில் மொத்தப் பணமும் கடைசி நாளில் இருக்கிறது. வகுக்கும் எண் சற்றே மாறினாலும் அதைக் கொண்டு 25 முறை வகுக்க வேண்டியிருப்பதால் மாற்றம் பெருகிப்போகிறது. இதனால்தான் வட்டி இறங்கும் என்று உறுதியாக எண்ணும் முதலீட்டாளர்கள் நீண்ட காலத்து ஜீரோ கூப்பன் பத்திரங்களைத் தேடிப் போவார்கள். அவசரத்துக்கு விற்க வேண்டியிருக்கும் பணத்தை அதில் போடுவது அபாயம். அத்துடன் தனியார் வெளியிட்ட பத்திரங்களுக்கு நம் நாட்டில் வாங்குவோர் எப்போதும் கிடைப்பதில்லை. விற்க வரும்போது, கணக்குப்படி வரவேண்டிய விலையிலும் குறைத்தே கேட்பார்கள்.

வட்டி இறங்கினால் யாருக்கு லாபம்

1992இல் ஐடிபிஐ பத்திரம் வாங்கியவருக்குக் கிடைத்தது 15.54 சதவீத வட்டி மட்டுமல்ல. அடுத்த 25 ஆண்டும் வட்டிக்கு வட்டியும் அதே விகிதத்தில் கிடைக்கும் என்ற உறுதியும் சேர்ந்தே கிடைத்தது. சாதாரணப் பத்திரத்தில் இந்த உறுதி கிடையாது. 2,700 ரூபாயை ஆண்டுக்கு 15.54 சதவீத வட்டி தரும் பத்திரத்தில் ஒருவர் போட்டிருந்தால், ஆண்டுதோறும் 420 ரூபாய் கைக்கு வரும். அதை அவர் அந்தந்தக் காலத்து வட்டிக்குத்தான் மறுபடி முதலீடு செய்ய முடியும். நாட்டில் வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்றால், 25 ஆண்டு முடிவில் அவரிடம் சேர்ந்திருப்பது ஒரு லட்சமல்ல, ஏறத்தாழ 29,000 ரூபாய்தான். தொடங்கிய வட்டி ஒன்றே. முடிவில் மூன்று மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

வாங்கியவருக்கு இவ்வளவு பெரிய நன்மை என்றால் கடன் வாங்கிய நிறுவனத்துக்கு அது அவ்வளவு பெரிய சுமை. 15 சதவீதத்துக்கு மேல் கூட்டு வட்டி தர ஒப்புக்கொண்ட நிறுவனம், நாட்டில் வட்டி பாதியாகக் குறைந்த பிறகும் அதே விகிதத்தைச் சுமக்க வேண்டும். இதை முன்னுணர்ந்த ஐடிபிஐ, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கணக்கை முடித்துக்கொள்ளும் விதியைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் 5,700, பத்தாம் ஆண்டில் 12,000, பதினைந்தில் 25,000, இருபதில் 50,000 என்று இடைத் தொகைகள் குறிக்கப்பட்டிருந்தன. முதலீட்டாளர் விரும்பினால் அந்தத் தொகையைப் பெற்று வெளியேறலாம். வங்கி விரும்பினாலும் அந்தத் தொகையைக் கொடுத்துப் பத்திரத்தை முடிக்கலாம். 1990களின் இறுதியிலிருந்து வட்டி விகிதங்கள் இறங்கத் தொடங்கின. ஐடிபிஐ தன் உரிமையைப் பயன்படுத்தி 25 ஆண்டுக்கு வெகு முன்பே பத்திரங்களை முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் ஒரு லட்சத்தைப் பார்த்து வாங்கியவர்கள், விண்ணப்பத்தின் சிறிய எழுத்துகளில் இருந்த இந்த விதியைப் பார்த்திருக்கவில்லை. முடிக்கப்பட்ட செய்தியே தெரியாமல், 25 ஆண்டு கழித்து ஒரு லட்சம் கேட்டுப் போனவர்களும் உண்டு.

குஜராத்தின் சர்தார் சரோவர் நர்மதா நிகம் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. நர்மதை அணைத் திட்டத்துக்காக 1993இல் அது வெளியிட்ட பத்திரத்தின் விலை 3,600 ரூபாய். 2014 ஜனவரியில் கிடைக்க வேண்டியது 1,11,000 ரூபாய். இது ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கும் அதிகமான கூட்டு வட்டி. நடுவில் குறித்த ஆண்டுகளில் வெளியேறும் உரிமை முதலீட்டாளருக்கு இருந்தது. தானாக முன்கூட்டி முடிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. வட்டி இறங்கிய காலத்தில் இந்தச் சுமை தாங்க முடியாததாயிற்று. 2008இல் குஜராத் சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, முன்கூட்டியே பத்திரங்களை முடிக்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2009 ஜனவரியில் பத்திரம் ஒன்றுக்கு 50,000 ரூபாய் கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது.

3,600 போட்டவருக்கு 50,000 கிடைத்ததே, அதில் என்ன குறை என்று தோன்றலாம். மேலே பார்த்த வளைவுதான் விடை. ஐந்து ஆண்டு காத்திருந்தால் 1,11,000 கிடைத்திருக்கும். சந்தையில் 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் வரும் 1,11,000 ரூபாயின் அன்றைய மதிப்பு சுமார் 72,000 ரூபாய். ஆகவே ஒவ்வொரு பத்திரத்திலும் முதலீட்டாளரிடமிருந்து ஏறத்தாழ 22,000 ரூபாய் மதிப்பு பறிபோயிற்று. கையில் வந்த 50,000த்தை வங்கியில் 9 சதவீதத்துக்குப் போட்டிருந்தாலும் 2014இல் 77,000 ரூபாய்தான் ஆகியிருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாத உரிமையைச் சட்டத்தால் எடுத்துக்கொண்டது நியாயமில்லை. குடும்பச் சேமிப்பை அரசு நிறுவனத்தை நம்பிப் போட்டவர்கள் வருந்தியதில் வியப்பில்லை. வாங்குமுன் பத்திரத்தின் விதிகளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: முன்கூட்டி முடிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, எந்த ஆண்டில், என்ன தொகைக்கு.

திவாலும் விலைவாசியும் வரியும்

கடன் வாங்கிய நிறுவனம் நொடித்துப்போகும் ஆபத்து எல்லாக் கடன் பத்திரங்களுக்கும் பொது. ஜீரோ கூப்பனில் அது வேறு விதமாகத் தாக்குகிறது. சாதாரணப் பத்திரத்தில் ஒரு வட்டித் தவணை தாமதமானாலே விழிப்பு வந்துவிடும். அதற்குள் சில ஆண்டு வட்டியாவது கைக்கு வந்திருக்கும். ஜீரோ கூப்பனில் தவறுவதற்குத் தவணையே இல்லை. நிறுவனம் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருந்தாலும் கடைசி நாள்வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே வெளியே கிடைக்கும் அறிகுறிகளைத்தான் கவனிக்க வேண்டும். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பத்திரத்தின் மதிப்பீட்டைக் குறைத்தாலோ, அதே நிறுவனத்தின் மற்றப் பத்திரங்கள் சந்தையில் திடீரென்று அதிக வட்டிக்கு, அதாவது குறைந்த விலைக்கு, கைமாறினாலோ ஏதோ சரியில்லை என்று பொருள்.

விலைவாசி இன்னொரு கணக்கு. 25 ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சம் ரூபாய், இன்றைய ஒரு லட்சம் வாங்கித் தருவதை வாங்கித் தராது. ஆண்டுக்கு 8 சதவீதம் விலைவாசி ஏறினால் அதன் வாங்கும் சக்தி இன்றைய பணத்தில் 14,600 ரூபாய்க்குச் சமம். அப்படிப் பார்த்தாலும் 2,700 ரூபாய் ஐந்து மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அது நல்ல பலன்தான். ஆனால் 37 மடங்கு என்ற எண்ணைக் கொண்டு ஒரு திருமணச் செலவைத் திட்டமிட்டால் கணக்கு உதைக்கும். பத்திரத்தின் வட்டி விகிதத்திலிருந்து விலைவாசி விகிதத்தைக் கழித்துப் பார்த்த பிறகே மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும்.

வரி விஷயத்தில் இந்தப் பத்திரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கைக்குப் பணம் வராமலே வருமானம் சேர்ந்துகொண்டிருப்பதால், வரியை எப்போது கேட்பது என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் மதிப்பையே அந்த ஆண்டின் வட்டி வருமானமாகக் கொண்டு வரி கேட்கிறார்கள். வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டியிருப்பதால் அங்கே பலரும் ஓய்வூதியக் கணக்குகளில்தான் இவற்றை வைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவிலும் 2002 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, ஆழ்ந்த தள்ளுபடிப் பத்திரங்களின் மதிப்பு உயர்வை ஆண்டுதோறும் கணக்கில் காட்டச் சொன்னது. மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்புவரை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு மட்டும், விற்கும்போதோ முதிரும்போதோ காட்டலாம் என்று சலுகை அளித்தது. பின்னர் அரசு அறிவிக்கை செய்த சில ஜீரோ கூப்பன் பத்திரங்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது. அவற்றில் வரும் ஆதாயம் வட்டியாக அல்லாமல் மூலதன ஆதாயமாக, விற்கும்போதோ முதிரும்போதோ மட்டும் வரிக்கு உள்ளாகும். நபார்டு வங்கியின் ‘பவிஷ்ய நிர்மாண்’ பத்திரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டு பத்திரங்களின் விலையும் முகமதிப்பும் காலமும் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று அறிவிக்கை பெற்றதாகவும் மற்றது பெறாததாகவும் இருந்தால், வரி போக மிஞ்சும் வட்டி வெவ்வேறாகிவிடும்.